அகலவியல்: ஆவூர்த் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

நீ திருத்தி அனுப்பிய ஆய்வுச் சுருக்கம் கிடைத்தது. முதலில் உன் தலைப்பு 'தமிழகத்தில் கிறித்தவமும் சமூக மாற்றமும்' என்று இருந்தது. ஓரத்தில் 'அகலம்' என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுத்தேன். இப்போது அது 'தமிழகத்தில் கிறித்தவமும் சமூக மாற்றமும் – ஆவூரை முன்வைத்து ஒரு பன்முக ஆய்வு' என்று வந்திருக்கிறது. இடையில் ஒரு கோடும் வாலில் ஓர் ஊரும் சேர்ந்திருக்கின்றன. அகலம் அப்படியேதான் இருக்கிறது. சொல்லப்போனால் பன்முகம் சேர்ந்ததால் சற்றுக் கூடியும் இருக்கிறது.

நேரில் சொன்னால் நீ தலையை ஆட்டுகிறாய். வெளியே போய் நண்பர்களிடம் 'கைடு ஒத்துக்க மாட்டேங்கிறார்' என்கிறாய். ஆகவே இலக்கணம் படித்த பிள்ளைக்கு இலக்கண வழியிலேயே சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். கீழே வருவது அகலவியல். நூற்பாவும் உரையும் இரண்டும் என்னுடையவை. பிழையிருந்தால் பழைய உரையாசிரியர்கள் பொறுப்பல்லர்.

முதல் நூற்பா: அகலம் என்பது கேள்விக்கும் சான்றுக்கும் இடையே கிடக்கும் வெளி.

இதற்கு உரை: ஒரு கேள்வி அகலமானதா என்பதை அது பேசும் நிலப்பரப்பை வைத்தோ ஆண்டுக் கணக்கை வைத்தோ சொல்லிவிட முடியாது. அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று பதில் சொல்லக்கூடிய ஒரு தாள், ஒரு கல்வெட்டு, ஒரு பதிவேடு எங்கேயாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் கேள்வி குறுகிவிட்டது. எந்தத் தாளை எடுத்து வைத்தாலும் 'ஆம், அதுவும்தான்' என்று கேள்வி விழுங்கிக்கொண்டே போனால் அது அகலம். உன் தலைப்பை இந்த உரைகல்லில் உரசிப் பார். ஆவூரில் பள்ளிக்கூடம் வந்ததைக் காட்டும் ஒரு கோப்பு கிடைத்தால் சமூக மாற்றம். வராததைக் காட்டும் கோப்பு கிடைத்தால் மாற்றத்துக்கு எதிரான தடைகள். இரண்டையும் ஓர் இயலில் வைத்து நீ அழகாக முடித்துவிடுவாய். தோற்கவே முடியாத கேள்வியில் ஜெயிப்பதற்கும் ஒன்றுமில்லை.

அகலம் ஐவகைப்படும்: தொல்லகலம், இணையகலம், தாக்க அகலம், பன்முக அகலம், சிற்றூரகலம் என. ஆறாவதாக 'நெறியாளர் அகலம்' என்று ஒன்று உண்டு என்பாரும் உளர். தாம் செய்யாமல் விட்ட ஆய்வை மாணவன் தலையில் கட்டுவதால் விளைவது அது. அதைப் பற்றி எழுத எனக்கு உரிமையில்லை.

தொல்லகலமாவது, எதைத் தொட்டாலும் சங்ககாலத்திலிருந்து தொடங்குவது. உன் முதல் இயலைப் பார்த்தேன். ஆவூரின் தொன்மைக்குச் சான்றாக ஆவூர் மூலங்கிழாரை அழைத்து வந்திருக்கிறாய். அடுத்த பத்தியில் சம்பந்தர் பாடிய ஆவூர்ப் பசுபதீச்சரம் வருகிறது. தம்பி, அந்தப் பாடல் பெற்ற தலம் கும்பகோணம் வட்டாரத்தில், பட்டீஸ்வரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மூலங்கிழாரின் ஆவூர் விராலிமலைப் பக்கத்து ஆவூர்தான் என்று சொல்ல உன்னிடம் ஊர்ப்பெயர் ஒற்றுமையைத் தவிர வேறெதுவும் இல்லை. நீ எழுதப் போவது சேசு சபையார் வந்து கோயில் எழுப்பிய ஆவூரைப் பற்றி. அதற்கு மூலங்கிழாரைக் கூட்டிவந்து தேவாலய வாசலில் நிறுத்துவானேன்? நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் மற்றொன்று விரித்தல் ஒன்று என்பதை நீயே முதுகலையில் ஒப்பித்திருப்பாய்.

இணையகலம்: 'கிறித்தவமும் சமூக மாற்றமும்'. இரண்டு பெரிய பொருள்களைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, இரண்டுக்கும் என்ன உறவு என்று சொல்லாமல் விடுவது. எது காரணம், எது விளைவு என்பது தலைப்பிலேயே தெரிய வேண்டும். அல்லது ஆய்வாளனுக்காவது தெரிய வேண்டும். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றும் இல்லை.

பன்முக அகலத்துக்கு உரை எழுதினால் அதுவும் பன்முகமாகிவிடும். கடந்து போகிறேன்.

தாக்க அகலம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. 'கிறித்தவத்தின் தாக்கம்', 'மிஷனரிகளின் பங்களிப்பு' என்று எழுதும்போது, கிறித்தவம் வராதிருந்தால் ஆவூர் எப்படி இருந்திருக்கும் என்பது உனக்குத் தெரியும் என்று நீ சொல்லாமல் சொல்கிறாய். அது தெரிய வேண்டுமானால் கிறித்தவம் வராத, மற்றபடி ஆவூரைப் போன்ற இன்னோர் ஊரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். அல்லது வந்தபின் கிடைக்கும் அளவுக்கு, வருவதற்கு முந்தைய ஆவூரைப் பற்றியும் சான்றாவது இருக்க வேண்டும். இரண்டும் உன் சுருக்கத்தில் இல்லை. உன்னிடம் இருப்பதோ வந்தவர்கள் எழுதிய கடிதங்கள் மட்டும். பாரிஸில் 1702 முதல் அச்சாகத் தொடங்கி 1776 வரை 34 தொகுதிகளாக வந்த சேசு சபைக் கடிதத் தொகுப்பில் ஆவூர் வருகிறது. பிரெஞ்சில் 'அவூர்' என்று ஒலிக்கும்படி எழுதியிருப்பார்கள். புஷே பாதிரியாரும் மர்த்தேன் பாதிரியாரும் எழுதியவை அதில் இருக்கின்றன. ஆனால் அவை எழுதப்பட்டது யாருக்காக? பிரான்சில் இருந்த சபையாருக்கும் ஆதரவு தரக்கூடிய பெரிய மனிதர்களுக்கும். அச்சுக்குப் போகுமுன் பாரிஸில் ல கொபியேன், பிறகு து ஹால்த் என்ற பதிப்பாசிரியர்கள் கை வைத்தார்கள். மிஷன் வளர்கிறது என்று காட்டவேண்டிய கடிதத்திலிருந்து மிஷன் வளர்ந்ததா என்று கேட்டால் என்ன பதில் வரும்?

அஃதேல், அக்கடிதங்கள் பயனற்றனவோ எனின், அன்று. கேள்வியைச் சின்னதாக்கினால் அவை பொன். மர்த்தேனின் கடிதம் ஒன்றில், புஷே பாதிரியார் திருச்சியில் மங்கம்மாள் ஆட்சியின் தளவாயைப் பார்க்கப் போனபோது கொண்டுபோன பரிசுகள் சொல்லப்படுகின்றன. அவற்றில் இரண்டடி விட்டமுள்ள ஒரு பூகோள உருண்டை. அதில் நாடுகளும் கடல்களும் தமிழில் எழுதப்பட்டிருந்தன. அந்தப் பெயர்களைத் தமிழாக்கியது யார், எழுதிய கை யாருடையது, மதுரை மிஷனில் அப்போது எந்த வரைபடம் கைவசம் இருந்தது என்று ஒருவன் கேட்கலாம். மதம் பரப்ப அனுமதி வாங்க எந்த மாதிரிப் பொருள்கள் தேவைப்பட்டன என்று இன்னொருவன் கேட்கலாம். ஒரு பரிசுப் பட்டியல் இத்தனை கேள்விகளைத் தாங்கும்போது, உன் தலைப்பு அந்த உருண்டையை இரண்டாம் இயலில் அரை வரியில் உருட்டிவிட்டுப் போகிறது.

இனிச் சிற்றூரகலம். இதுதான் உன் நோய்.

ஊரைச் சிறிதாக்கினால் கேள்வி சிறிதாகும் என்று நினைப்பது இதன் இலக்கணம். நீ 'தமிழக'த்தை எடுத்துவிட்டு 'ஆவூர்' போடலாமா என்று கேட்பாய். போட்டாலும் ஆகாது. ஒரு சிற்றூரில் வழிபாடு உண்டு, சாதி உண்டு, நிலம் உண்டு, பள்ளி உண்டு, திருவிழா உண்டு, பஞ்சம் உண்டு, பிழைக்கப் போன சனம் உண்டு, இவை எல்லாவற்றுக்கும் முந்நூறு வருஷக் கதை உண்டு. ஊர் சின்னதாக ஆக, ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் சான்று மட்டும் மெலிந்துகொண்டே போகும். கேள்வி அப்படியே இருக்கச் சான்று மட்டும் குறைவதால், முதல் நூற்பா சொன்ன வெளி குறைவதற்குப் பதில் கூடுகிறது. அதாவது 'ஆவூரை முன்வைத்து' என்ற வால் உன் தலைப்பை அகலப்படுத்தியிருக்கிறது. இதைச் சொன்னால் டாக்டோரல் கமிட்டியிலேயே இருவர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.

ஓர் எடுத்துக்காட்டு. நீ எழுதியிருக்கிறாய்: 'ஆவூரில் பழைய ஆலயத்தை 1547-இல் வெனான்சியுஸ் புஷே அடிகளார் கட்டினார்; புதிய ஆலயம் 1747-இல் எழுந்தது; வீரமாமுனிவரும் இங்குப் பணியாற்றினார்.' இது உன் பிழையன்று. மாவட்டச் சுற்றுலாக் குறிப்புகளில் இப்படித்தான் இருக்கிறது. இணையத்தில் எல்லாரும் அதையே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். ஆனால் பார். சேசு சபைக்குப் போப்பாண்டவரின் ஒப்புதல் கிடைத்ததே 1540-இல். சவேரியார் கோவாவில் வந்து இறங்கியது 1542. ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தது 1606. புஷே பிறந்தது 1655. பிரான்சிலிருந்து சயாம் போய், 1688-இல் அங்கே ஆட்சி கவிழ்ந்தபின் இந்தியப் பக்கம் வந்து மதுரை மிஷனில் சேர்ந்தவர். 1547-இல் அவர் கோயில் கட்ட வேண்டுமானால் பிறப்பதற்கு 108 ஆண்டுகளுக்கு முன்பே கொத்தனாரைக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

இந்த 1547 எங்கிருந்து வந்தது? அதே குறிப்பில் அடுத்த வரியிலேயே 1747 நிற்பதால் அச்சுக்கோர்த்தவர் கண் வழுக்கியிருக்கலாம் என்பது என் ஊகம். ஊகம் போதாது. ராதாகிருஷ்ண ஐயர் 1916-இல் வெளியிட்ட புதுக்கோட்டை வரலாற்றைப் பார். 1938-இலும் 1944-இலும் வந்த சமஸ்தான மேனுவல் தொகுதிகளைப் பார். பிறகு வந்த மாவட்ட விவரச்சுவடி, சுற்றுலாத் துறையின் கையேடு, இணையதளம் என்று வரிசையாக வைத்து, புஷேயின் கோயிலுக்கு ஒவ்வொன்றும் என்ன ஆண்டு தருகிறது என்று எழுது. எந்த இரண்டு தாள்களுக்கு நடுவில் ஆண்டு மாறுகிறதோ அங்கே பிழை பிறந்தது. இது ஒரு கேள்வி. 'இல்லை' சொல்லக்கூடிய கேள்வி. எனது ஊகமே தவறு என்று பதினைந்து நாளில் நீ நிரூபித்துவிடலாம்.

ஆனால் இதை வைத்து முனைவர் பட்டம் வாங்க முடியாது. ஒரு நல்ல கட்டுரை எழுதலாம். குறுகலுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். விடை கிடைத்த பிறகும் வேறொருவருக்கு அந்த விடையால் ஏதாவது வேலை இருக்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு உனக்கு மூன்று ஆண்டிலிருந்து ஆறு ஆண்டுவரை தருகிறது. அந்தக் காலத்துக்குள் முடிகிற, முடிந்த பின் ஆவூருக்கு வெளியேயும் ஒருவன் எடுத்துப் பார்க்கிற கேள்வி வேண்டும்.

சரி, அப்படி ஒன்றைச் செய்து காட்டுங்கள் என்பாய். செய்கிறேன். 'சமூக மாற்றம்' என்று நீ எழுதியதிலிருந்தே எடுப்போம்.

சமூக மாற்றத்தை எதில் காண்பது? கலியாணத்தில் காணலாம். யார் யாரைக் கட்டுகிறார்கள், எவ்வளவு தூரத்திலிருந்து கட்டுகிறார்கள், சொந்தத்திலா அசலிலா என்பதில் ஒரு சமூகம் தன்னை மறைக்க முடியாது. கத்தோலிக்கப் பங்குகளில் இதற்கென்றே ஒரு பதிவேடு உண்டு. 16-ஆம் நூற்றாண்டின் திரெந்து சங்கம் திருமணப் பதிவைப் பங்குக் குருவின் கடமையாக்கியது. மாப்பிள்ளை, பெண், இருவர் பெற்றோர், ஊர், சாட்சிகள், ஓலை வாசித்த நாள்கள் எல்லாம் அதில் இருக்கும். உனக்கு மிக முக்கியமானது ஓரத்தில் எழுதியிருக்கும் ஒரு குறிப்பு: நெருங்கிய உறவில் கட்டினால் அதற்காக வாங்கிய விலக்கு அனுமதி.

நம் பக்கத்தில் மாமன் மகளைக் கட்டுவது உரிமை. திருச்சபைச் சட்டத்தில் அது தடை. அந்த உரிமைக்கும் இந்தத் தடைக்கும் நடுவில் ஒவ்வொரு முறையும் ஒரு காகிதம் பிறந்தது. வேறு எந்த அலுவலகமும், கிராம முனிசீப்பும் கூட, மாப்பிள்ளையும் பெண்ணும் எத்தனையாம் படி உறவு என்று எழுதி வைத்ததில்லை. இந்துக் குடும்பங்களுக்கு இப்படி ஒரு பதிவு கிடையாது. ஆகவே தமிழரின் முறைக் கலியாணம் காலப்போக்கில் குறைந்ததா என்று கேட்பவனுக்கு, ஆவூர் போன்ற ஒரு பழைய பங்கின் பதிவேடு தனிப்பெரும் சான்று. ஊருக்கு வெளியேயும் இந்த விடை வேண்டப்படும் என்று சொன்னது இதனால்தான்.

கேள்வியை இப்படி எழுது: 1900 முதல் 1950 வரை ஆவூர்ப் பங்கில் நடந்த கலியாணங்களில் மாமன், அத்தை மக்களுக்குள் நடந்தவற்றின் விகிதம் குறைந்ததா? குறையவில்லை என்று பதிவேடு சொல்லலாம். சொன்னால் உன் 'சமூக மாற்றம்' கீழே விழும். விழுந்தாலும் அது முடிவுதான், பட்டமும் கிடைக்கும்.

இதில் நீ தடுக்கி விழக்கூடிய இடங்கள் மூன்று. முதலாவது பெரியது, மெதுவாகப் படி.

திருச்சபைச் சட்டம் உறவை எப்படி எண்ணியது என்றால், பொது முன்னோரிலிருந்து இறங்கி வரும் தலைமுறைகளை எண்ணியது. மாமன் மகளுக்கும் அத்தை மகனுக்கும் பாட்டன் பாட்டி பொது. அதனால் இரண்டாம் படி. பாட்டனைப் பெற்றவர் பொது என்றால் மூன்றாம் படி. அதற்கும் மேல் ஒருவர் என்றால் நான்காம் படி. 1215-இன் லாத்தரான் சங்கத்திலிருந்து பொதுச்சட்டப்படி நான்காம் படிவரை தடை. 1917-இல் புதிய சட்டத்தொகுப்பு வந்தது. 1918 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. தடை மூன்றாம் படியோடு நின்றது. இப்போது ஒரு கணக்குப் போடு. இது வெறும் கற்பனைக் கணக்கு. 1918-க்கு முன் நூறு கலியாணத்தில் இரண்டாம் படிக்கு 10, மூன்றாம் படிக்கு 8, நான்காம் படிக்கு 7 என 25 விலக்கு அனுமதிகள் இருக்கின்றன. 1918-க்குப் பின் அதே சனம் அதே மாதிரிக் கட்டுகிறது: 10, 8. நான்காம் படிக்காரர்கள் இன்னமும் கட்டுகிறார்கள். ஆனால் அனுமதி தேவையில்லை, அதனால் பதிவில்லை. மொத்தம் 18. நீ வரைபடம் போட்டு, 'உறவுத் திருமணம் 25-லிருந்து 18-ஆகச் சரிந்தது, கல்வியின் தாக்கம்' என்று எழுதிவிடுவாய். மாறியது ரோமாபுரிச் சட்டம். ஆவூரில் ஒருவரும் மாறவில்லை.

இதைக் கண்டுபிடிப்பது எப்படி? மொத்தத்தை எண்ணாதே. படி வாரியாக எண்ணு. சரிவு நான்காம் படியில் மட்டும், அதுவும் 1918-இல் வெட்டினாற்போல விழுந்தால் அது சட்டத்தின் வேலை. இரண்டாம் படி எண்ணிக்கை பல ஆண்டுகளாக மெல்ல இறங்கினால் அது சனங்களின் வேலை. இதோடு மிஷன் பகுதிகளுக்கு ரோமிலிருந்து தனிச் சலுகைகளும் வந்திருக்கின்றன. மறைமாவட்டச் சுற்றறிக்கைகளில் அவற்றைத் தேடிப் பிடித்த பிறகே 1918-க்கு முந்தைய எண்ணிக்கையை நம்பு.

இரண்டாவது தடுக்கல்: கலியாணம் எந்தப் பங்கில் பதிவாகும்? பெண்ணின் பங்கில் என்பது அன்றைய விதி. அப்படியானால் ஆவூர்ப் பதிவேட்டில் இருப்பவர்கள் ஆவூரிலிருந்து கட்டிக் கொடுத்த பெண்கள். ஆவூருக்கு மருமகளாக வந்தவர்கள் விராலிமலையிலோ திருச்சியிலோ வேறெங்கோ பதிவாகியிருப்பார்கள். ஆகவே நீ அளப்பது ஊரின் பாதிக் கலியாணத்தை. வழக்கத்தில் மாப்பிள்ளை ஊரிலும் நடத்தியிருப்பார்கள். அந்தக் கலப்பு எவ்வளவு என்று முதல் நூறு பதிவிலேயே எண்ணிப் பார்த்துவிடு. மகள்கள் போன தூரத்தை வைத்து மருமகள்கள் வந்த தூரத்தைப் பற்றிப் பேசாதே.

மூன்றாவது, பெயர். பழைய பதிவேடுகளை லத்தீனில் எழுதுவது வழக்கம். ஊரில் சின்னப்பன் என்று கூப்பிடப்பட்டவர் ஏட்டில் பவுலுஸ். ராயப்பன் பெத்ருஸ். சவரிமுத்து சவேரியுஸ். ஒரே ஊரில் ஒரே தலைமுறையில் எட்டுப் பவுலுஸ் இருப்பார்கள்; அவர்களில் நாலு பேருக்குத் தகப்பன் பெயரும் சவேரியுஸ் ஆக இருக்கும். பெயரை மட்டும் வைத்து ஆளை இணைத்தால் ஒருவனுக்கு மூன்று மனைவி வந்து சேரும். தாயார் பெயர், ஊர், சாட்சி ஆகியவற்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போனால் தவிர இருவரை ஒருவராக்காதே. ஒத்துப்போகாதவற்றை 'அடையாளம் காண இயலாதவை' என்று தனியே எண்ணி, அந்த எண்ணிக்கையை ஆய்வேட்டில் போடு. பலர் இதை மறைப்பார்கள். வைவாவுக்கு வருகிறவர்களில் பதிவேடு பார்த்துப் பழகியவர் ஒருவர் இருந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்.

ஐம்பது ஆண்டு போதுமா, 1900 எதற்கு, 1950 எதற்கு எனின்: 1918 நடுவில் விழ வேண்டும் என்பதற்காகவும், திருச்சி–புதுக்கோட்டை ரயில் 1929-இல் ஓடத் தொடங்கியது என்பதற்காகவும் வைத்தேன். ரயிலால் பெண் கொடுக்கும் தூரம் கூடியதா என்று இரண்டாவது கேள்வியாக நீ கேட்டுக்கொள்ளலாம். ஆனால் பாதை ஆவூரிலிருந்து எத்தனை மைல் தள்ளிப் போகிறது என்று முதலில் வரைபடத்தில் அளந்து பார். அதே முப்பதுகளில் உலகப் பொருளாதாரச் சரிவும் வந்தது. புதுக்கோட்டைச் சீமைக்காரர்கள் சிலோனுக்கும் மலேயாவுக்கும் பர்மாவுக்கும் போன காலமும் அதுதான். எண்ணிக்கை 1929-க்குப் பின் மாறினால் ரயிலே காரணம் என்று குதிக்காதே.

அளவும் பார்த்துக்கொள். ஆண்டுக்கு இருபது கலியாணம் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் ஐம்பது ஆண்டில் ஆயிரம் பதிவு. லத்தீன் கையெழுத்து பழகும்வரை ஒரு பதிவை எடுத்தெழுதப் பத்து நிமிஷம் ஆகும். ஆயிரத்துக்கு ஏறக்குறைய 167 மணி நேரம். பங்கு அலுவலகம் நாளைக்கு நான்கு மணி நேரம் உன்னை உட்கார விட்டால் நாற்பத்திரண்டு நாள். திருவிழா, ஞாயிறு, குருவானவர் ஊரில் இல்லாத நாள் எல்லாம் கழித்தால் நான்கு மாதம். உன் பழைய தலைப்புக்கு இப்படி ஒரு கணக்குப் போட்டுப் பார், போட முடியாது. போர்த்துகீசு, லத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம், தமிழ் என்று ஐந்து மொழியில், 1773-இல் சேசு சபை கலைக்கப்பட்டு 1830-களின் இறுதியில் மறுபடியும் பிரெஞ்சு சேசு சபையார் வந்த இடைவெளியையும், கோவாக் குருக்களுக்கும் ரோமாபுரி அனுப்பிய குருக்களுக்கும் நடந்த அதிகாரச் சண்டையையும் தாண்டி, எந்தக் காப்பகத்தில் எத்தனை பக்கம் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அங்ஙனமாயின் வீரமாமுனிவர்? என்று நீ கேட்பாய் என்று தெரியும். உன் சுருக்கத்தில் அவருக்கென்றே ஓர் இயல் இருக்கிறது. தேம்பாவணியும் தொன்னூல் விளக்கமும் சதுரகராதியும் எழுதியவர் ஆவூரில் இருந்தார் என்று ஊரார் பெருமைப்படுவது நியாயம். ஆனால் 1900-இலிருந்து 1950 வரை ஆவூரில் யார் யாரைக் கட்டினார்கள் என்பதில் 1747-இல் இறந்தவருக்கு வேலையில்லை. முன்னுரையில் ஒரு வரி கொடு. மனம் ஒப்பவில்லையென்றால் இரண்டு வரி. நன்னூல் சொல்லும் இன்னொரு குற்றம் சென்றுதேய்ந்து இறுதல். வீரமாமுனிவரில் தொடங்கி ரேஷன் கார்டில் முடிகிற ஆய்வேடுகளை நான் நிறையத் திருத்தியிருக்கிறேன்.

ஒரு தடைவிடை மட்டும் மிச்சம். 'ஐயா, கேள்வியை இவ்வளவு சுருக்கினால் ஆய்வேடு இருநூறு பக்கம் வருமா?' இதை நீ கேட்கவில்லை. உன் வகுப்பில் ஒருவன் கேட்டான். ஆயிரம் பதிவை எப்படிப் படித்தாய், எதை விட்டாய், ஏன் விட்டாய், ஒவ்வொரு படிக்கும் என்ன கிடைத்தது, பக்கத்துப் பங்கு ஒன்றோடு ஒப்பிட்டால் என்ன தெரிகிறது என்று நேர்மையாக எழுதினால் முந்நூறு வரும். அப்போது குறைக்கச் சொல்லி இன்னொரு கடிதம் எழுதுவேன்.

இப்போது செய்ய வேண்டியது: தலைப்பு மாற்ற விண்ணப்பத்தை இன்னும் நிரப்பாதே. முதலில் ஆவூர் போ. கைப்பேசியை வெளியில் எடுக்காமல், பல்கலைக்கழகக் கடிதத்தோடு பங்குத்தந்தையைப் பார். திருமணப் பதிவேடு எந்த ஆண்டிலிருந்து தொடர்ச்சியாக இருக்கிறது, நடுவில் எந்தெந்த ஆண்டு ஏடு காணவில்லை அல்லது செல்லரித்திருக்கிறது, விலக்கு அனுமதியைப் படி குறிப்பிட்டு எழுதியிருக்கிறார்களா வெறுமனே 'விலக்கு பெறப்பட்டது' என்று விட்டிருக்கிறார்களா என்ற மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டு வா. மக்களின் பெயர் ஒன்றும் எழுதி வராதே. அவர்களுடைய பேரன் பேத்திகள் அதே ஊரில் இருக்கிறார்கள், அனுமதி வாங்கிய பிறகுதான் பெயர்களைத் தொட வேண்டும், ஆய்வேட்டிலும் எண்களாகத்தான் வரவேண்டும். படி குறிப்பிடப்படவில்லை என்றால் நான் மேலே போட்ட கேள்வி செத்துவிடும். அதே ஏட்டிலிருந்து ஊர்த் தொலைவை மட்டும் வைத்து வேறு கேள்வி போடலாம். 1900-இல் தொடங்காமல் 1912-இல் தொடங்கினால் தலைப்பிலும் 1912.

கமிட்டிக்கு நான் பேசிக்கொள்கிறேன். சுருக்கத்தின் புதிய படி இரண்டே பக்கம் இருக்கட்டும். முதல் பக்கத்தில் மூலங்கிழார் இருந்தால் இரண்டாம் பக்கத்தைத் திறக்க மாட்டேன்.

அன்புடன்,
உன் நெறியாளர்

பி.கு.: போகிற அன்றைக்கு ஆவூரில் தேர்த்திருவிழா இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு போ. ஈஸ்டரை ஒட்டிய நாள்களில் பங்குத்தந்தைக்குப் பதிவேட்டு அலமாரியைத் திறந்து காட்ட நேரம் இருக்காது.